கொரிய வாடிக்கையாளருக்கு மெயில் எழுதுமுன்: தமிழ்க் குறிப்பிலிருந்து சரியான மரியாதை வடிவத்துக்கு

ஒரகடம் பக்கம் ஒரு சிறிய உதிரிபாக நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் கொரியாவில் சாங்வொன் நகரில் இருக்கிற ஒரு நிறுவனம். கொரிய மொழி ஓரளவு படித்த தைரியத்தில், தமிழில் குறிப்பு எழுதிவைத்து அதைக் கொரியனாக்கி முதல் மெயிலை அனுப்பினேன். இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால் பதில் எனக்கு வரவில்லை, எங்கள் அலுவலகத்தில் இருக்கிற கொரிய அதிகாரி ஒருவருக்குப் போனது. அவர் என் மெயிலை அச்செடுத்து, பேனாவால் ஐந்து இடங்களில் கோடு போட்டு என் மேஜைக்கு எடுத்து வந்தார். ஐந்துமே மரியாதை சம்பந்தப்பட்டவை: யாரை எப்படி அழைத்தேன், யாருடைய செயலுக்கு எந்த விகுதி போட்டேன் என்பது மட்டும்தான்.

அதிலிருந்து நான் கற்று, இப்போதும் ஒவ்வொரு மெயிலுக்கும் செய்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். ஹங்குல் எழுத்து படிக்கத் தெரியும், எளிய வாக்கியம் அமைக்கத் தெரியும் என்ற அளவில் இருப்பவர்களுக்கானது இது.

1. எழுத உட்காருமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று ஆவணங்கள் வேண்டும். ஒன்று, மெயில் யாருக்குப் போகிறதோ அவருடைய விசிட்டிங் கார்டு, அதிலும் கொரிய எழுத்து இருக்கிற பக்கம். இரண்டு, அவர் அனுப்பிய ஏதாவது ஒரு மெயிலின் அடியில் இருக்கிற கையொப்பப் பகுதி. மூன்று, அவருடைய அலுவலகத்து ஆட்கள் அவரைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிற பழைய மெயில் சங்கிலி ஒன்று. மூன்றும் ஒரே பதவியைச் சொன்னால் நிம்மதி. முரண்பட்டால் ஆகக் கடைசியாக வந்த மெயிலின் கையொப்பத்தை நம்புங்கள், கார்டு அச்சடித்த பிறகு பதவி உயர்வு வந்திருக்கலாம். வருடக் கடைசியிலும் ஜனவரியிலும் பல நிறுவனங்களில் பதவி மாற்றம் நடக்கும், அதனால் புத்தாண்டுக்குப் பிறகு எழுதும் முதல் மெயிலுக்கு முன் கட்டாயம் ஒரு முறை பாருங்கள்.

கார்டின் கொரியப் பக்கம் ஏன் வேண்டும் என்றால், ஆங்கிலத்தில் எழுதிய கொரியப் பெயரிலிருந்து ஹங்குல் எழுத்தைத் திரும்பப் பெற முடியாது. ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு இரண்டு மூன்று ஹங்குல் வடிவங்கள் இருக்கும். அதோடு ஆங்கிலப் பக்கத்தில் சிலர் குடும்பப் பெயரை முதலிலும் சிலர் கடைசியிலும் போடுவார்கள். கொரியப் பக்கத்தில் குடும்பப் பெயர் எப்போதும் முதலில். பெயரைத் தப்பாக எழுதிவிட்டால் கீழே எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் ஈடாகாது.

செலவு என்று பார்த்தால், சாதாரண மெயிலுக்குப் பணச் செலவு எதுவும் இல்லை. கொரிய தேசிய மொழி நிறுவனத்தின் பெரிய அகராதி இணையத்தில் இலவசம். அதே நிறுவனம் 'ஆன்லைன் கனதா' என்ற பெயரில் கேள்வி பதில் பகுதி ஒன்றையும் இலவசமாக நடத்துகிறது, 'இந்த இடத்தில் இந்த மரியாதை வடிவம் சரியா' என்கிற மாதிரி கேள்விகளுக்கு அங்கே ஏராளமான பதில்கள் கிடக்கின்றன. விலை தகராறு, தரப் புகார், ஒப்பந்தம் என்று வந்தால் மட்டும் காசு கொடுத்து மொழிபெயர்ப்பாளரை வையுங்கள். அந்த மாதிரி மெயிலில் ஒரு விகுதி தவறினாலும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளப்படும்.

2. மரியாதை இரண்டு திசையில் போகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

இது புரியாமல்தான் நான் தடுமாறினேன். எழுத்துத் தமிழில் மரியாதை பெரும்பாலும் ஒரே திசை: யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு. 'வந்தான்', 'வந்தார்' என்பதில் மரியாதை வந்தவருக்கு, கேட்பவருக்கு இல்லை. கொரியனில் கேட்பவருக்குத் தனி, செயலைச் செய்பவருக்குத் தனி. இரண்டையும் ஒவ்வொரு வாக்கியத்திலும் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும்.

நம் பேச்சுத் தமிழில் இது இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் 'பையன் வந்துட்டானுங்க' என்பார்கள். பையனுக்கு 'ஆன்', கேட்கிறவருக்கு 'ங்க'. அதே மாதிரி நண்பனிடம் 'அப்பா வந்துட்டார்டா' என்போம். அப்பாவுக்கு 'ஆர்', நண்பனுக்கு 'டா'. கொரியன் முழுக்க இந்த அமைப்பில்தான் ஓடுகிறது.

```
아이가 왔습니다      (பையன் வந்துட்டானுங்க)
아버지 오셨어        (அப்பா வந்துட்டார்டா)
```

முதல் வரியின் கடைசியில் இருக்கிற 'நிதா' கேட்பவருக்கு. இரண்டாவது வரியில் 'ஒஷ்யொஸ்ஸொ' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற 'ஷி' அப்பாவுக்கு, கடைசி விகுதி நண்பனுக்குரிய சாதாரண வடிவம். கொங்குப் பேச்சு பழகியவர்கள் 'ங்க' போடுகிற இடத்தில் 'நிதா', 'ஆர்' போடுகிற இடத்தில் 'ஷி' என்று மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

3. கேட்பவருக்கான விகுதி: ஒன்றே ஒன்றை எடுங்கள்

கொரியனில் பேச்சு நிலைகள் ஆறு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். வணிக மெயிலுக்கு இரண்டுதான் தேவை. 'நிதா', 'நிக்கா', 'ஷிப்ஷியோ' என்று முடிவது முறையான நிலை, பெயர் ஹசிப்ஷியோ-சே. 'யோ' என்று முடிவது மென்மையான நிலை, பெயர் ஹேயோ-சே. இரண்டுமே மரியாதைதான், 'யோ' போட்டால் அவமரியாதை என்று பயப்பட வேண்டாம். ஆனால் முன்பின் பழகாதவருக்கு, அதுவும் விலையும் தேதியும் பேசுகிற மெயிலில், முழுக்க 'நிதா' வைத்து எழுதுங்கள். வணக்க வரி ஒன்றில் மட்டும் 'யோ' வரலாம். கீழே இருப்பதில் இரண்டாவது வடிவத்தைக் கொரியர்களே முறையான மெயிலிலும் சர்வ சாதாரணமாக எழுதுகிறார்கள்.

```
안녕하십니까
안녕하세요
```

சில மாதம் போனதும் அவர் பக்கத்திலிருந்து 'யோ' வர ஆரம்பிக்கும். அப்போது நீங்களும் நன்றி வரியிலோ விசாரிப்பு வரியிலோ ஒன்றிரண்டு 'யோ' சேர்க்கலாம். அவர் பதவியில் மூத்தவர் என்றால் அவர் இறங்கி வந்தாலும் நீங்கள் 'நிதா'விலேயே இருந்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இங்கே நம் ஆட்கள் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. தமிழ் அலுவலகக் குறிப்பில் 'அனுப்பவும்', 'உறுதி செய்யவும்' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். நமக்கு அது மரியாதையான, யாரையும் சுட்டாத வடிவம். அதற்கு நேராகக் கொரியனில் தேடினால் கீழே உள்ள முதல் இரண்டில் ஒன்றுதான் கையில் கிடைக்கும். முதலாவது அறிவிப்புப் பலகை மாதிரி மொட்டையாக நிற்கும். இரண்டாவது மரியாதை விகுதியோடு கூடிய கட்டளை, மேலிடம் உத்தரவு போடுகிற தொனி வந்துவிடும். வேண்டியது மூன்றாவது: 'அனுப்பித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்'.

```
발송 바람
보내십시오
보내 주시면 감사하겠습니다
```

'தயவுசெய்து' என்ற சொல்லைக் கொரியனில் தேடிப் போடாதீர்கள். அகராதியில் கிடைக்கிற 'ஜெபல்' கெஞ்சுகிற சொல். 'அனுப்பித் தந்தால்' என்பதில் இருக்கிற 'தந்தால்' வினைதான் அங்கே தயவுசெய்து.

4. அழைக்கும் பெயர்: குடும்பப் பெயர், பெயர், பதவி, நிம்

நான் செய்த முதல் தவறு இது. குறிப்பில் 'கிம் சார்' என்று எழுதியிருந்தேன். அகராதியைப் பார்த்து, 'கிம்' என்ற குடும்பப் பெயரோடு 'ஷி' சேர்த்துவிட்டேன் (வினைக்குள் வருகிற 'ஷி' வேறு, இது பெயருக்குப் பின்னால் வருகிற தனிச்சொல்). அது 'திரு' மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். குடும்பப் பெயரோடு மட்டும் இதைச் சேர்த்தால், வேலை வாங்குகிற ஆளை மேலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கும். முழுப்பெயரோடு சேர்த்தாலும் சமமான சக ஊழியருக்கோ இளையவருக்கோதான் பொருந்தும், வாடிக்கையாளருக்குப் பொருந்தாது.

வாடிக்கையாளரை அழைக்கும் முறை முழுப்பெயர், அடுத்து பதவி, அதோடு 'நிம்'. 'அவர்களுக்கு' என்பதற்கு 'எகெ' என்ற சாதாரண வேற்றுமை உருபு வேண்டாம், அதன் மரியாதை வடிவம் 'க்கெ'.

```
김○○ 과장님께
```

பதவி ஏணி பழைய முறையில் இப்படி ஏறுகிறது:

```
사원 → 대리 → 과장 → 차장 → 부장 → 이사 → 상무 → 전무 → 부사장 → 사장
```

வாசிப்பு: சவோன், டேரி, குவாஜாங், ச்சாஜாங், புஜாங், இசா, சாங்மு, ஜொன்மு, புசாஜாங், சாஜாங். ஒன்றைக் கவனித்தீர்களா? நான்காவதும் கடைசியும் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. நான்காவது, புஜாங்குக்கு ஒரு படி கீழே இருக்கிற நடுநிலை அதிகாரி. கடைசி, நிறுவனத்தின் தலைவர். தொலைபேசியில் கேட்டுத் தமிழில் 'சாஜாங்' என்று குறித்துக்கொண்டால் பிறகு எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் குறிப்பு முழுக்கத் தமிழில் இருந்தாலும் பெயரையும் பதவியையும் மட்டும் அப்போதே ஹங்குலில் எழுதிவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் கணினியில் கொரிய விசைப்பலகை சேர்த்துக்கொண்டேன். விண்டோஸில் மொழி அமைப்பில் கொரியனைச் சேர்த்தால் போதும், வலப்பக்க `Alt` விசையில் எழுத்து மாறும்.

ஆங்கிலக் கார்டில் 'மேனேஜர்' என்று இருந்தால் குவாஜாங் என்று தானாக முடிவு செய்யாதீர்கள். பழைய முறை நிறுவனங்களில் பெரும்பாலும் அசிஸ்டென்ட் மேனேஜர் டேரி, மேனேஜர் குவாஜாங், டெபுடி ஜெனரல் மேனேஜர் ச்சாஜாங், ஜெனரல் மேனேஜர் புஜாங். ஆனால் ஏணியையே கலைத்துவிட்ட நிறுவனங்களும் இருக்கின்றன. ஹுண்டாய் மோட்டார் 2019-ல் பழைய படிகளைச் சுருக்கி 'மேனேஜர்', 'பொறுப்பு மேனேஜர்' என்று இரண்டாக்கியது. சிஜே குழுமம் 2000-லேயே பதவி இல்லாமல் பெயரோடு 'நிம்' மட்டும் போதும் என்றது. அங்கே வேலை செய்பவரைப் பழைய ஏணியில் வைத்து அழைத்தால் தவறான படியில் நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. கையொப்பத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து, பின்னால் 'நிம்' சேர்ப்பதுதான் வழி.

குழுத்தலைவராக இருப்பவரின் கையொப்பத்தில் 'டீம்ஜாங்' என்று இருக்கும். அவர் படியில் புஜாங்காக இருக்கலாம், ச்சாஜாங்காகவும் இருக்கலாம், அதை நீங்கள் தோண்ட வேண்டியதில்லை. டீம்ஜாங்-நிம் என்றே எழுதுங்கள்.

பதவி எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் முழுப்பெயரும் 'நிம்'மும் போதும். புதிதாகச் சேர்ந்த சவோன் படிக்காரருக்கும் இதுதான். பெயரே தெரியாவிட்டால் 'பொறுப்பாளர் அவர்களுக்கு' என்ற வடிவம் இருக்கிறது. எதிலும் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

```
김○○ 님께
담당자님께
```

ஒரே மெயில் இரண்டு பேருக்குப் போகிறது என்றால் பதவியில் பெரியவர் பெயர் முதலில். உங்களுக்கு தினமும் பேசிப் பழக்கமானவர் இளையவராக இருந்தாலும் அவர் பெயர் இரண்டாவதுதான்.

5. உங்களை அறிமுகப்படுத்தும் வரி: பதவி முன்னால், பெயர் பின்னால்

அடுத்தவருக்குப் பெயரை அடுத்துப் பதவி வந்தால் மரியாதை. தனக்குத்தானே அப்படிப் போட்டால் தன்னை உயர்த்திக்கொள்வதாகும். தன் பதவியைப் பெயருக்கு முன்னால் வைக்க வேண்டும், 'நிம்' கிட்டவே வரக்கூடாது.

```
○○사 영업팀 대리 ○○○입니다
```

கடைசிக் கையெழுத்துக்குப் பெயரோடு 'துரிம்' போதும், 'அளிக்கிறேன்' என்று பொருள். இன்னும் பணிவாக 'ஒல்லிம்' என்ற சொல் உண்டு, அதை மிக மூத்தவருக்கு எழுதும்போது வைத்துக்கொள்ளலாம்.

```
○○○ 드림
```

6. தமிழ்க் குறிப்பில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்துக் குறி போடுங்கள்

நான் இப்போது கொரியனில் ஒரு சொல் எழுதுமுன் செய்வது இதுதான், நேரமும் இதில்தான் மிச்சமாகிறது. குறிப்பில் ஒவ்வொரு வினையின் பக்கத்திலும் அதைச் செய்பவர் யார் என்று குறிப்பேன். அவர்கள் பக்கம் என்றால் 'அ'. எங்கள் பக்கம் என்றால் 'எ'. பொருள் என்றால் 'பொ'.

'அ' என்று இருந்தால் வினைக்குள் 'ஷி' சேர வேண்டும். 'எ' என்று இருந்து அந்தச் செயல் அவர்களை நோக்கிப் போகிறது என்றால் பணிவு வினை: கொடுப்பதற்கு 'துரிதா', சொல்வதற்கு 'மல்ஸம் துரிதா', சந்திப்பதற்கு 'பெப்தா'. 'பொ' என்று இருந்தால் ஒன்றும் சேர்க்காதீர்கள். 'கொட்டேஷன் வந்துவிட்டது' என்பதில் 'ஷி' சேர்த்தால் கொட்டேஷனுக்கு வணக்கம் வைத்த மாதிரி ஆகும். கடைகளில் பணியாளர்கள் 'காபி வந்திருக்கிறார்' என்கிற மாதிரி சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள் இதில் தவறுவார்கள். கொரியாவிலேயே அது பிழை என்று திருத்தப்படுகிற வழக்கு.

இனி என் பழைய குறிப்பையே எடுத்துக்கொள்கிறேன், குறிகளோடு:

போன வாரம் எங்கள் ஆலைக்கு வந்தீர்கள், நன்றி (அ).
நீங்கள் கேட்ட (அ) கொட்டேஷனை இணைத்து அனுப்புகிறேன் (எ).
எங்கள் டீம் லீடரும் பார்த்துவிட்டார் (எ).
டிராயிங் மாறியிருந்தால் (பொ) வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும் (அ).
சந்தேகம் இருந்தால் கேளுங்கள் (அ).

இரண்டாவது வரியில் 'நீங்கள் கேட்ட' என்பதைப் பாருங்கள். தமிழில் 'கேட்ட' என்ற பெயரெச்சத்தில் மரியாதை தெரியாது. அவன் கேட்ட, அவர் கேட்ட, நீங்கள் கேட்ட, எல்லாம் ஒன்றுதான். அதனால் கொரியனுக்குப் போகும்போதும் நம் கை அங்கே எதையும் சேர்க்காமல் நகர்ந்துவிடும். கொரியப் பெயரெச்சத்தில் 'ஷி' உட்கார வேண்டும். என் மெயிலில் வாக்கியக் கடைசி எல்லாம் சரியாக இருந்து, நடுவில் இருந்த இந்தச் சொல் மட்டும் மொட்டையாக இருந்தது, பேனாக் கோடு அதன் மேலும் விழுந்தது.

```
요청한 견적서      (நான் எழுதியது)
요청하신 견적서    (இருக்க வேண்டியது)
```

இப்படி 'ஷி' உள்ளே போய்விட்டால் 'நீங்கள்' என்ற சொல்லே தேவைப்படாது, யார் கேட்டது என்று அதுவே சொல்லிவிடும். அது நல்லதும்கூட. 'நீங்கள்' என்பதற்கு அகராதி தருகிற 'தாங்ஷின்' வணிக மெயிலில் சண்டைக்கு நிற்கிற சொல். தவிர்க்கவே முடியாத இடத்தில் அவர் பதவியைத் திரும்பச் சொல்லுங்கள், 'குவாஜாங்-நிம்' என்று. 'உங்கள் நிறுவனம்' என்பதற்கு 'குவிசா' என்ற சொல் இருக்கிறது.

'நாங்கள்', 'நாம்' என்ற வித்தியாசம் இந்த இடத்தில் நமக்குக் கைகொடுக்கும். கொரியனில் 'உரி' இரண்டுக்கும் வரும். 'ஜொஹி' என்பது கேட்பவரைச் சேர்க்காத, பணிவான 'நாங்கள்'. குறிப்பில் 'எங்கள் ஆலை' என்று இருந்தால் ஜொஹி. பேச்சுவழக்கில் 'நம்ம கம்பெனி' என்று குறித்திருந்தால் அதையும் 'எங்கள்' என்று திருத்திவிட்டு ஜொஹி போடுங்கள். வெளி ஆளிடம் 'உரி' போட்டது என் இன்னொரு கோடு.

மூன்றாவது வரி எங்கள் மேலாளரைப் பற்றியது. நமக்கு அவர் மேலாளர், 'பார்த்துவிட்டார்' என்றுதான் எழுதுவோம், 'பார்த்துவிட்டான்' என்று எழுத மனம் வராது. நான் அப்படியே 'எங்கள் டீம்ஜாங்-நிம் பார்த்தருளினார்' என்கிற தொனியில் எழுதியிருந்தேன். வெளி நிறுவனத்துக்கு எழுதும்போது நம் ஆளுக்கு 'நிம்'மும் வேண்டாம், 'ஷி'யும் வேண்டாம் என்று அந்த அதிகாரி சொன்னார். பேச்சில் பலர் சேர்த்துச் சொல்லவே செய்கிறார்கள், அது பெரிய குற்றமும் இல்லை, ஆனால் எழுத்தில் விட்டுவிடுவது சுத்தமாக இருக்கும். ஒரு விலக்கு: மெயில் உங்கள் நிறுவனத்தின் கொரியத் தலைமை அலுவலகத்துக்கு உள்ளுக்குள்ளேயே போகிறது என்றால் உங்கள் மேலாளருக்கு 'நிம்' போட்டே எழுதுங்கள்.

7. எல்லாம் சேர்ந்து வரும் மெயில்

தலைப்பு வரியில் அடைப்புக்குள் நிறுவனப் பெயர், பிறகு விஷயம், கடைசியில் 'பற்றி' என்ற பொருளில் ஒரு சொல். வணக்கம் சொல்லும் தலைப்பு வேண்டாம்.

```
[○○사] 견적서 송부 및 도면 요청의 건

김○○ 과장님께

안녕하십니까.
○○사 영업팀 대리 ○○○입니다.

지난주 저희 공장을 방문해 주셔서 감사드립니다.
요청하신 견적서를 첨부하여 보내 드립니다.
저희 팀장도 내용을 확인하였습니다.

혹시 변경된 도면이 있다면 6월 14일(금)까지
보내 주시면 감사하겠습니다.
궁금하신 점이 있으시면 언제든지 말씀해 주십시오.

감사합니다.
○○○ 드림
```

ஐந்து வரிக் குறிப்பு இவ்வளவுதான் ஆகிறது. 'ஹொக்ஷி' என்ற சொல் வேண்டுகோள் பத்தியின் தொடக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள், 'ஒருவேளை' என்று பொருள். டிராயிங் மாறியிருக்கிறதா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும், நாம் குறை சொல்லவில்லை என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடும். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று மட்டும் விடாமல் தேதியும் போட்டிருக்கிறேன், எந்த வெள்ளி என்று கேட்டு ஒரு மெயில் வந்து போகும் நேரம் மிச்சம். கடைசியில் 'அதிகம் உழையுங்கள்' என்ற பொருளில் வருகிற 'சுகோஹசெயோ'வை நாடகங்களில் கேட்டு எழுதாதீர்கள், மேல்நிலையில் இருப்பவருக்கு அது பொருந்தாது. 'கம்சஹம்நிதா' போதும்.

8. அனுப்புமுன் பத்து நிமிடம்

முதலில் வாக்கியக் கடைசிகளை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். எல்லாம் 'நிதா', 'ஷிப்ஷியோ' குடும்பமா, எங்காவது 'தா' என்று மொட்டையாக முடிகிறதா என்று தெரியும். பிறகு 'அ' குறி போட்ட வினைகளை எண்ணுங்கள், மெயிலில் அத்தனை 'ஷி' இருக்கிறதா பாருங்கள். மேலே உள்ள குறிப்பில் நான்கு 'அ', ஆனால் வணக்க வரியை விட்டுவிட்டாலும் மெயிலில் 'ஷி' ஆறு இடத்தில் வந்திருக்கிறது. கடைசி வேண்டுகோளில் 'சந்தேகம்' என்ற சொல்லும் 'இருந்தால்' என்ற சொல்லும் அவருடைய சந்தேகத்தைத்தான் சுட்டுகின்றன, அதனால் அவற்றிலும் 'ஷி' சேர்வது வழக்கம். எண்ணிக்கை குறைந்தால்தான் கவலை. கூடினால் அது பொருளின் மேல் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசியாகப் பெயரையும் பதவியையும் கார்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

அச்செடுத்துத் திருத்துகிறவர்களுக்கு ஒன்று: ஆளின் பெயரைச் சிவப்பு மையால் எழுதவோ சுழிக்கவோ வேண்டாம். கொரியாவில் அதை அபசகுனமாக நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த அதிகாரி நீலப் பேனாவைத் தேடி எடுத்துவந்ததற்கு அதுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

9. எப்போது அனுப்புவது

கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் காலை 9 மணிக்கு அங்கே பகல் 12:30, சாப்பாட்டு நேரம். நம் 9:30 அங்கே 1 மணி, எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியிருப்பார்கள். அங்கே மாலை 6 என்பது நமக்கு 2:30. அன்றே பதில் வேண்டும் என்றால் நம் பகல் 12-க்குள் அனுப்பிவிட வேண்டும். மாலை 4-க்கு அனுப்பிவிட்டு 'இன்றைக்குள்' என்று கேட்டால், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அவர் அலுவலகத்தைவிட்டுப் போன பிறகு கேட்டதாகத்தான் ஆகும். கொரியாவின் 'சொல்லால்', 'சுசொக்' என்ற இரண்டு பண்டிகைக்கும் மும்மூன்று நாள் பொதுவிடுமுறை, சந்திர நாட்காட்டிப்படி தேதி மாறும், வருட ஆரம்பத்திலேயே குறித்துவையுங்கள்.

எனக்கு முதல் மெயிலுக்கு அரை நாள் போனது. இப்போது இந்த வரிசையில் போனால் நாற்பது நிமிடம் ஆகிறது, அதில் பாதி குறிப்பில் குறி போடுவதிலேயே போகிறது.

10. தவறிப்போய் அனுப்பிவிட்டால்

விகுதி ஒன்றிரண்டு தவறினால் மன்னிப்பு மெயில் அனுப்பாதீர்கள், அடுத்த மெயிலில் சரியாக எழுதினால் போதும். வெளிநாட்டவர் எழுதியது என்று அவர்களுக்கும் தெரியும். பெயரோ பதவியோ தவறியிருந்தால் மட்டும், அடுத்த மெயிலில் அறிமுக வரிக்குக் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள். முதல் வரி பெயருக்கு, இரண்டாவது பதவிக்கு.

```
지난 메일에 성함을 잘못 적어 죄송합니다
지난 메일에 직함을 잘못 적어 죄송합니다
```

'பெயர்' என்பதற்கு இங்கே 'இரும்' என்ற சாதாரணச் சொல் வராது, 'சொங்ஹம்' என்ற மரியாதைச் சொல் வந்திருப்பதைப் பாருங்கள். காரணம் எதுவும் விளக்காமல், அடுத்த பத்தியில் நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள்.